வர்றேனா, போறேனா? கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார்

என் அக்கா மகன் ஒசாக்காவில் வேலை பார்க்கிறான். போன புதிதில் ஒரு நாள், அவனுடைய சீனியர் ரயில் நிலையத்தில் அவனுக்காகக் காத்திருந்தார். இவன் அறையிலிருந்து கிளம்பும்போது அவருக்கு ஜப்பானிய மொழியில் ஒரு செய்தி தட்டிவிட்டான்: "இமா எகி நி கிமாஸ்." இமா என்றால் இப்போது. எகி என்றால் ஸ்டேஷன். நி என்பது நம்முடைய ‘கு’ உருபு மாதிரி. கிமாஸ் என்பது ‘வா’ என்ற வினையின் மரியாதை வடிவம். "இப்ப ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்பதுதான் அவன் மனதில் இருந்தது. அரை நிமிடத்தில் பதில் வந்தது: "தாரே கா?" அதாவது, "யார்?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல் ஒவ்வொன்றும் சரி, உருபும் சரி, பிறகு ‘யார்’ என்ற கேள்வி எங்கிருந்து வந்தது? அன்று இரவு என்னை அழைத்துக் கேட்டான். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் வா, போ என்ற இரண்டு சின்னச் சொற்களுக்குள் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஜப்பானிய வினைக்கு நம் ‘ஏன்’, ‘ஆய்’, ‘ஆர்’ மாதிரி இட விகுதி கிடையாது. வருகிறேன், வருகிறாய், வருகிறார் எல்லாவற்றுக்கும் கிமாஸ்தான். எழுவாயையும் பெரும்பாலும் சொல்வதில்லை. அப்படியானால் யார் நகர்கிறார் என்பதைக் கேட்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெரிய அளவில் வினையின் திசையை வைத்துத்தான். கிமாஸ் என்றால், பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வேறு யாரோ நகர்கிறார்கள். பேசுபவர் தானே நகர்ந்தால், கேட்பவரிடமே போய்ச் சேர்ந்தாலும், இக்கிமாஸ், அதாவது ‘போ’ என்ற வினையைத்தான் சொல்ல வேண்டும். சீனியர் படித்தது "ஸ்டேஷனுக்கு யாரோ வருகிறார்" என்று. அதனால்தான் யார் என்று கேட்டார். "இமா இக்கிமாஸ்" என்று எழுதியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. தமிழில் சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது "இப்ப போறேன்". காத்திருப்பவரிடம் நாம் ஒருபோதும் சொல்லாத வாக்கியம்.

வா, போ இரண்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. நகர்வு பேசுபவரை நோக்கி இருந்தால் ‘வா’, விலகிப் போனால் ‘போ’. இந்த இரண்டு முனைகளில் பெரும்பாலான மொழிகளுக்குள் சண்டை இல்லை. சண்டை நடுவில் இருக்கிறது. நான் நகர்கிறேன், சேரும் இடத்தில் நீ இருக்கிறாய். இது வருவதா, போவதா? பெரும்பாலான மொழிகள் தரையில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் சேர்வது வரவு, அந்தப் பக்கம் சேர்வது செலவு. பேசுபவர் எப்போதும் இந்தப் பக்கம், மூன்றாம் மனிதர் எப்போதும் அந்தப் பக்கம். கேட்பவரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன.

தமிழ் கேட்பவரைத் தன் பக்கம் நிறுத்துகிறது. இதை நமக்கு எழுதி வைத்தவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த நூற்பாவில் பிரிக்கிறார்: "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீரிடத்த." அதற்கடுத்தது ஒரே வரி: "ஏனை இரண்டும் ஏனை இடத்த." தா, வா இரண்டும் என்னிடமும் உன்னிடமும் வந்து சேர்வதற்கு உரியவை. மீதி இரண்டும், அதாவது செல்லுதலும் கொடுத்தலும், மீதி இடமான படர்க்கைக்கு உரியவை. இவ்வளவுதான். 1971-ல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் சுட்டுச் சொற்களைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒன்று முழுக்க வருவதையும் போவதையும் பற்றியது. ஆங்கிலத்தின் ‘கம்’ பேசுபவர் இடத்துக்கும் கேட்பவர் இடத்துக்கும் பொருந்தும் என்று அவர் வகுத்துக் காட்டினார். மொழியியலில் இந்தப் பேச்சு பெரிதாகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தொல்காப்பியர் இதே கோட்டைத் தமிழுக்கு இரண்டு நூற்பாவில் கிழித்துவிட்டுப் போயிருக்கிறார். பள்ளியில் இதை நமக்கு மனப்பாடப் பகுதியாகக் கூட வைக்கவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் நூற்பாவில் சொன்னது எலும்பு. அன்றாடப் பேச்சில் அது எப்படி நடமாடுகிறது என்று பார்க்க ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம்.

மதுரையில் மாமா மகளுக்குக் கல்யாணம். சென்னையில் அண்ணன், கோவையில் தங்கை. இருவரும் போனில் பேசுகிறார்கள். இப்போது இருவருமே மதுரையில் இல்லை. அண்ணன், "கல்யாணத்துக்கு வர்றியாம்மா?" என்று கேட்டால், தான் அங்கே இருக்கப்போவதை அந்த ஒரு வினையிலேயே சொல்லிவிட்டான். தனியாக "நான் போறேன்" என்று சொல்லத் தேவையில்லை. "கல்யாணத்துக்குப் போறியாம்மா?" என்று கேட்டால், அவன் போகவில்லை, அல்லது இன்னும் முடிவு செய்யவில்லை, அல்லது அவள் பயணத்தை மட்டும் விசாரிக்கிறான். தங்கை இதைக் கேட்டவுடன், "ஏன்ணே, நீ வரலியா?" என்பாள். அவன் எங்கேயும் "நான் போகவில்லை" என்று சொல்லவே இல்லை. வினை சொன்னது.

பதிலிலும் இது தொடர்கிறது. "வர்றியா?" என்ற கேள்விக்கு இயல்பான பதில் "இல்லண்ணே, வரல." அதே கேள்விக்கு "போகல" என்று பதில் வந்தால் காது உறுத்தும். நீ இருக்கும் இடத்துக்கு நான் வரவில்லை என்பது போய், அந்தக் கல்யாணத்துக்கே நான் போகவில்லை என்று ஆகிவிடுகிறது. ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது என்று அண்ணன் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது.

அப்புறம் தங்கை மாமாவுக்கே போன் செய்கிறாள். மாமா அந்த நேரத்தில் திருச்சியில் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறார். மதுரையில் இல்லை. ஆனாலும் அவள் "மாமா, கல்யாணத்துக்கு வர முடியல" என்றுதான் சொல்வாள். "போக முடியல" என்று அவரிடம் சொல்லவே முடியாது. பேசும் நேரத்தில் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதை விட, அந்த நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்பதும், அது யாருடைய இடம் என்பதும் பெரிது. பேசும் நேரம், நிகழும் நேரம், சொந்த இடம் என்ற மூன்றையும் ஃபில்மோரும் ஆங்கிலத்துக்குத் தனித்தனியாகப் பிரித்துத்தான் சொல்கிறார்.

சொந்த இடம் என்பதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெருவில் பார்க்கும் நண்பரிடம், "நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன், நீங்க இல்ல" என்கிறோம். அவர் வீட்டில் இல்லாதபோதும் ‘வந்தேன்’தான். ஏனென்றால் அது அவர் இருக்க வேண்டிய இடம். அதே வீட்டின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்று வையுங்கள். அவனிடம் போனில், "போன வாரம் உங்க வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மாவைப் பார்த்தேன்" என்று சொல்வது இயல்பாக இருக்கிறது. வீடு அவனுடையதுதான், ஆனால் அவன் இருப்பு அங்கே இல்லை. என் காதுக்கு, நண்பரிடம் ‘போனேன்’ என்பதும் மகனிடம் ‘வந்தேன்’ என்பதும் முழுத் தவறு இல்லை, ஆனால் இரண்டிலும் சாயல் மாறுகிறது. மகனிடம் ‘வந்தேன்’ என்றால், நீ இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று வைத்துப் பேசுவது மாதிரி.

ஜப்பானியத்தில் இந்தக் கல்யாணப் பேச்சு எப்படி நடக்கும்? மாமா "கித்தே குதசாய்", வாருங்கள் என்று அழைப்பார். விருந்தினர் "இக்கிமாஸ்", போகிறேன் என்று பதில் சொல்வார். கேள்வியில் வா, பதிலில் போ. ஏனென்றால் இருவரும் தத்தம் காலடியிலிருந்து அளக்கிறார்கள். நம் பேச்சில் ‘வாங்க’, ‘வர்றோம்’ என்று ஒரே வினை இரண்டு பக்கமும் ஓடுகிறது. கொரிய மொழியும் ஜப்பானியம் போலத்தான், கேட்பவரிடம் போய்ச் சேர்வதற்கு ‘போ’ வினையைச் சொல்கிறது. ஜப்பானுக்குள்ளேயே ஒரு விலக்கு இருக்கிறது. தெற்கே கியூஷு தீவின் வட்டார வழக்கில், "இப்ப உன்கிட்ட வர்றேன்" என்பதற்கு ‘வா’ வினையையே சொல்கிறார்கள். டோக்கியோக்காரருக்கு அது விநோதமாகக் கேட்கும். என் அக்கா மகன் ஒசாக்காவுக்குப் பதில் கியூஷுவின் ஃபுக்குவோக்காவில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அவன் செய்தி ஒருவேளை தப்பியிருக்கும்.

ஸ்பானியமும் கேட்பவரை அந்தப் பக்கம்தான் நிறுத்துகிறது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை அறைக்குள்ளிருந்து "யா போய்!" என்று குரல் கொடுக்கும். ‘போய்’ என்பது ‘போகிறேன்’ என்று பொருள்படும் ஸ்பானிய வினை. தமிழ்ப் ‘போய்’ மாதிரி ஒலிப்பது வெறும் தற்செயல்தான், ஆனால் தமிழர்கள் ஸ்பானியம் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள நல்ல உதவி. அந்த இடத்தில் ‘வா’ வினையைப் போட்டு "அயோரா பெங்கோ" என்று சொன்னால் பொருளே வேறு. வெளியே கிளம்பும்போது சொல்வது அது: "இதோ வந்துடறேன்." சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் பிள்ளை அதைச் சொன்னால், இவன் எங்கே கிளம்பிவிட்டான் என்று அவர் எட்டிப் பார்ப்பார். அதே ஸ்பெயினின் பார்சலோனாவில், கத்தலான் என்ற இன்னொரு மொழி பேசும் வீட்டில் பிள்ளை "அரா பிங்", இப்போ வர்றேன், என்று நம்மைப் போலவே ‘வா’ வினையில் பதில் சொல்லும். ஒரே தெரு, ஒரே மேசை, உறவுள்ள இரண்டு மொழிகள், கோடு மட்டும் வேறு இடத்தில். இரண்டும் பேசும் வீடுகளில் ஒன்றின் வழக்கம் மற்றதில் கசிவது அங்கே எல்லோரும் அறிந்த விஷயம்.

இப்படி ஒரு கோடே அடிப்படை வினையில் போடாத மொழிகளும் உண்டு. ரஷ்ய மொழியில் "இங்கே வா" என்பதற்கு "இதி ஸ்யுதா" என்பார்கள். ‘இதி’ நடந்து நகர்வதைச் சொல்லும் வினை, வருவதற்கும் போவதற்கும் பொது. திசையை ‘இங்கே’ என்ற சொல் காட்டுகிறது, அல்லது வினைக்கு முன் ஒட்டும் முன்னொட்டு காட்டுகிறது. 1995-ல் டேவிட் வில்கின்ஸ், டெபோரா ஹில் இருவரும் மத்திய ஆஸ்திரேலியாவின் அரெர்ந்தே மொழியையும் சாலமன் தீவுகளின் லோங்கு மொழியையும் வைத்து, வா, போ எல்லா மொழிக்கும் பொதுவான ஜோடி என்ற எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்கள் சொன்னதில் முக்கியமானது: ‘போ’ என்ற வினைக்குள் ‘என்னை விட்டு விலகி’ என்ற பொருள் இயல்பாகவே இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ‘வா’ என்று ஒரு சொல் இருப்பதால், அதைச் சொல்லாமல் ‘போ’வைச் சொன்னால் கேட்பவர் விலகலை ஊகித்துக்கொள்கிறார். தமிழிலும் இதைப் பார்க்கலாம். "நாங்க கோயிலுக்குப் போறோம், நீயும் வா" என்கிறோம். ஒரே கோயில், ஒரே பயணம், ஒரே மூச்சில் இரண்டு வினை. என் நகர்வுக்குப் போ, நீ என்னோடு சேர்வதற்கு வா.

சரி, இனி பொருளைத் தூக்கிக்கொண்டு நகர்வது. ஆங்கிலத்தில் இதற்கு ‘பிரிங்’, ‘டேக்’ என்று இரண்டு தனி வினைகள். ஸ்பானியத்தில் ‘த்ராயெர்’, ‘யெவார்’. தமிழில் தனி வினை தேவைப்படவில்லை. கொண்டு வா, கொண்டு போ. எடுத்துட்டு வா, எடுத்துட்டுப் போ. ஆள் என்றால் கூட்டிட்டு வா, கூட்டிட்டுப் போ. கடையில் என்றால் வாங்கிட்டு வா. கையில் என்ன நடக்கிறது என்பதை முதல் வினை சொல்கிறது, திசையை இரண்டாவது சொல்கிறது. அதனால் வா, போவுக்கு எங்கே கோடோ அங்கேயே இவற்றுக்கும் கோடு. நண்பர் வீட்டுக்குக் கிளம்பும் முன், "ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறோம். ஸ்பானியர் அங்கே ‘யெவார்’, கொண்டு போகட்டுமா, என்று கேட்பார். ஜப்பானியர் "மொத்தே இக்கு", எடுத்துட்டுப் போ. தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் "டேக் அண்ட் கம்" என்று சொல்வதும் இதனால்தான். ‘எடுத்துட்டு வர்றேன்’ என்பதை இரண்டாகப் பிரித்து அப்படியே வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பிரிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் அந்த ‘வா’ ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

தொல்காப்பியர் வா, போவோடு தா, கொடுவையும் ஏன் சேர்த்தார் என்பது இங்கே விளங்கும். அந்தக் காலத் ‘தா’வுக்குள் கொண்டு வருதலும் இருந்தது. அதே நூலின் பாயிரத்தில் "நிலந்தரு திருவிற் பாண்டியன்" என்று வருகிறதே, அந்தத் ‘தரு’ தானம் கொடுத்ததைச் சொல்லவில்லை. பிறர் நிலத்தைத் தன் பக்கம் கொண்டு வந்ததைச் சொல்கிறது. தா என்பது பொருளுக்கு வரவு, கொடு என்பது பொருளுக்குச் செலவு.

மலையாளம் இந்தக் கோட்டை இன்றும் அப்படியே காக்கிறது. "ஞான் நினக்கு தராம்", நான் உனக்குத் தர்றேன். "அவனு கொடுக்காம்", அவனுக்குக் கொடுக்கிறேன். அவனுக்கு ‘தராம்’ என்று சொன்னால் மலையாளி திருத்திவிடுவார். பெறுபவரைப் பொறுத்துக் ‘கொடு’ வினையே மாறும் மொழிகளை 2003-ல் பெர்னார்ட் காம்ரி தொகுத்துப் பார்த்தபோது மலையாளமும் அதில் ஒன்று. ஜப்பானியத்திலும் இரண்டு வினைகள்: எனக்கு வந்தால் ‘குரெரு’, மற்றவருக்குப் போனால் ‘அகெரு’. உனக்குத் தருவதும் அங்கே ‘அகெரு’தான். வா, போவில் கேட்பவர் எந்தப் பக்கம் நின்றாரோ, தருவதிலும் அதே பக்கம் நிற்கிறார்.

தமிழ்நாட்டுப் பேச்சில் ‘குடு’ பரவிவிட்டது. "எனக்குக் குடு" என்பதில் இப்போது யாருக்கும் உறுத்தல் இல்லை. இந்தக் கசிவும் தொல்காப்பியர் கண்ணில் பட்டிருக்கிறது. எச்சவியலில், கொடு என்பது படர்க்கைச் சொல்லானாலும், "தன்னைப் பிறன்போற் கூறும் குறிப்பின்" ஒருவர் தனக்குக் கேட்கும்போதும் வரும் என்கிறார். உயர்ந்த நிலையில் இருப்பவர், தன்னையே மூன்றாம் ஆளாக நிறுத்தி, ‘கொடு’ என்கிறார். அன்று விலக்காக இருந்தது இன்று பொது வழக்கு. ஆனாலும் பழைய கோடு முழுக்க அழியவில்லை. யாழ்ப்பாணத்தில் "தாங்கோ" நித்தம் கேட்கும் சொல், திருநெல்வேலியில் "தாரேன்" இருக்கிறது. மற்ற இடங்களில் துணைவினையில் ஒளிந்திருக்கிறது. "உனக்குக் கோலம் போடச் சொல்லித் தர்றேன்", ஆனால் "அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்." இரண்டையும் மாற்றிப் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "அவளுக்குச் சொல்லித் தந்தேன்" என்பதில் என் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

கடைசியாக, விடைபெறும் சொல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லணும். ஜப்பானியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லும் "இத்தே கிமாஸ்" இதற்கு நேர் நிகர்: போய் வருகிறேன். வீட்டிலிருப்பவர் "இத்தே ராஷ்ஷாய்" என்பார், போயிட்டு வாங்க. நான் முதலில் இதை அறிந்தபோது இரண்டு பண்பாடும் ஒன்றே என்று மகிழ்ந்துபோனேன். பிறகு அக்கா மகன் சொன்னான்: விருந்துக்குப் போன வீட்டிலிருந்து கிளம்பும்போது அங்கே "இத்தே கிமாஸ்" என்று சொல்ல மாட்டார்கள். அது தன் வீட்டுக்கு, தான் திரும்பி வந்து சேரும் இடத்துக்கு மட்டும். நாமோ விருந்தாளியாகப் போன வீட்டிலும் ‘போயிட்டு வர்றோம்’ என்றுதான் சொல்கிறோம். நீங்கள் இருக்கும் இடம் நம் கணக்கில் வரவின் பக்கம் இருப்பதால் அந்த வாக்கியம் தானாகவே அமைந்துவிடுகிறது.

இது பழகித் தேய்ந்த சடங்குச் சொல் என்றும், யாரும் அதன் பொருளை நினைத்துச் சொல்வதில்லை என்றும் நான் எண்ணியதுண்டு. சாவு வீட்டில் பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே யாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. ‘போறேன்’ என்றும் சொல்வதில்லை. வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கிளம்புகிறார்கள்.